பங்குப் பட்டியலில் 0.0095: தசமத்தைப் பின்னமாக்க எந்த வழி?

பண்ருட்டிக்குப் பக்கத்தில் இரண்டு ஏக்கர் நாற்பது சென்ட் முந்திரித் தோப்பு. தாத்தா சுயமாகச் சம்பாதித்தது. அவருக்கும் பாட்டிக்கும் பிறகு மூன்று பிள்ளைகளுக்கு ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. மூத்தவர் இருக்கிறார். இரண்டாமவர் காலமாகி, மனைவியும் மூன்று பிள்ளைகளுமாக நான்கு வாரிசுகள். மூன்றாமவரும் அவர் மனைவியும் போய்ச் சேர்ந்துவிட, ஏழு பிள்ளைகள். அந்த ஏழு பேரில் ஒருவர் இறந்து, அவருக்கு மனைவியும் நான்கு பிள்ளைகளுமாக ஐந்து வாரிசுகள். ஆக மொத்தம் பதினாறு பேர். கடலூர் மஞ்சக்குப்பத்தில் பத்திரம் எழுதும் ஒரு தம்பி இந்தக் குடும்பத்தின் பங்குப் பட்டியலை என்னிடம் நீட்டினார். யாரோ கணக்குப் போட்டு அச்செடுத்துக் கொடுத்த தாள் அது. பெயர்களை விட்டுவிட்டால் அதில் இருந்தது இவ்வளவுதான்:

```
0.3333   ஒருவர்
0.0833   நான்கு பேர்
0.0476   ஆறு பேர்
0.0095   ஐந்து பேர்
```

கூட்டினால் 0.9996 வருகிறது. பத்தாயிரத்தில் நான்குதானே என்று விட முடியாது. 240 சென்டில் 0.0004 பங்கு என்பது 0.096 சென்ட். சென்டுக்கு 435.6 சதுர அடி என்பதால், ஏறக்குறைய 42 சதுர அடி நிலம் யாருக்கும் சொந்தமில்லாமல் அந்தரத்தில் நிற்கிறது. சொத்துத் தகராறு தொடங்க அதில் பாதி போதும்.

“சார், இதையெல்லாம் பின்னமாக மாற்றிக் கொடுத்துவிடுங்கள்” என்றார் தம்பி. வாரிசு விவரம் பிறகுதான் கிடைத்தது. முதலில் கையில் இருந்தவை நான்கு எண்கள் மட்டும். அவற்றை வைத்துக்கொண்டு என்னென்ன வழிகளில் போகலாம், எது எங்கே காலை வாருகிறது என்பதைத்தான் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

ஏன் இந்த எண்கள் முடியாமல் சுழல்கின்றன என்பதை ஒரு வரியில் சொல்லிவிடலாம். பின்னத்தைச் சுருக்கிய பிறகு பகுதியில் 2, 5 தவிர வேறு பகாக் காரணி இருந்தால் தசமம் முடியாது. இங்கே 3 இருக்கிறது, 7 இருக்கிறது. நம் பழைய கணக்கிலும் இதே சங்கடம் உண்டு. மா என்பது 1/20, காணி 1/80, முந்திரி 1/320. எல்லாமே 2-ம் 5-ம் பெருக்கி வந்தவை. மூன்று பேருக்குச் சரிபாதியாக அல்ல, சரிமூன்றாகப் பிரிக்க முந்திரிக் கணக்காலும் முடியாது.

பள்ளியில் படித்த வழி

ஒன்பதாம் வகுப்பில் சொல்லிக்கொடுப்பது இது. சுழலும் இலக்கங்களின் மேல் கோடு போட்டு, எண்ணை x என்று வைத்துக்கொண்டு, சுழற்சி ஒன்றோடொன்று நேராக வரும்படி பத்தின் அடுக்குகளால் பெருக்கிக் கழிப்பது. 0.08333… என்பதில் 08 சுழலாத பகுதி, 3 சுழலும் பகுதி. 1000x = 83.333…, 100x = 8.333…. கழித்தால் 900x = 75. x = 75/900, சுருக்கினால் 1/12. அப்பழுக்கில்லாத விடை. தோராயம் எதுவும் இடையில் நுழையவில்லை.

எந்த இலக்கம் சுழல்கிறது என்று தெரிந்திருந்தால் இதற்கு மிஞ்சிய வழி கிடையாது. பட்டியல் நீளமாக இருந்தாலும் கவலையில்லை. சுழலும் பகுதியை அடைப்புக்குள் போட்டு எழுதிக்கொண்டால் பைத்தானில் ஐந்து வரியில் முடியும்:

```python
import re
from fractions import Fraction

def pinnam(s):
    a, b, c = re.fullmatch(r"(\d+)\.(\d*)\((\d+)\)", s).groups()
    return Fraction(int(a+b+c) - int(a+b), 10**len(b) * (10**len(c) - 1))
```

`pinnam("0.08(3)")` என்று கேட்டால் 1/12 வரும். `pinnam("0.0(095238)")` என்று கேட்டால் 1/105 வரும்.

இரண்டாவதாகக் கொடுத்ததில்தான் சிக்கல் ஒளிந்திருக்கிறது. 1/105-இன் தசமம் 0.0095238095238… என்று போகிறது. சுழற்சி ஆறு இலக்க நீளம். 1/21-உம் அப்படித்தான்: 0.047619047619…. ஏழு புகுந்த இடமெல்லாம் குறைந்தது ஆறு இலக்கச் சுழற்சி இருக்கும். தாளில் இருப்பதோ நான்கு இலக்கம். ஒரு சுற்றுக்கூட முடியவில்லை. எதன் மேல் கோடு போடுவது? 0.0476-இல் கடைசி 6 சுழல்கிறது என்று ஒருவர் நினைத்தால் 0.04766… = 143/3000 கிடைக்கும். 76 சுழல்கிறது என்று இன்னொருவர் நினைத்தால் வேறொரு பின்னம். இரண்டுமே கழித்தல் பிழையில்லாமல் போட்ட தவறான கணக்குகள்.

ஆகவே இந்த வழி புத்தகத்தில் கோடு போட்டுக் கொடுத்த எண்களுக்கு. வெட்டி அச்சடித்த தாளுக்கு அல்ல.

எக்ஸெல் காட்டும் பின்னம்

தம்பியின் கையில் முதலில் கிடைத்த கருவி இதுதான். கட்டத்தின் வடிவமைப்பில் பின்னம் என்று ஒன்று இருக்கிறது. `# ??/??` என்று கொடுத்தால் பகுதி இரண்டு இலக்கத்துக்குள் வருகிற பின்னமாகக் காட்டும். 0.3333 இருந்த இடத்தில் 1/3, 0.0833-க்கு 1/12, 0.0476-க்கு 1/21. பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் 0.0095 இருந்த ஐந்து கட்டங்களிலும் 1/99. இரண்டு இலக்கப் பகுதிக்குள் அதற்கு அருகில் இருப்பது அதுதான். அதற்கு மேல் போக அதற்கு அனுமதி இல்லை.

அதைவிட மோசம் கீழே மொத்தம் போட்ட கட்டம். அதுவும் இதே வடிவமைப்பில்தான் இருந்தது. அங்கே கம்பீரமாக 1 என்று நின்றது. “சார், மொத்தம் ஒன்று வருகிறதே, அப்புறம் என்ன?” என்றார் தம்பி. உள்ளே இருப்பது இன்னும் 0.9996-தான். இரண்டு இலக்கப் பகுதிக்குள் 0.9996-க்கு அருகில் இருப்பது 98/99 அல்ல, 1. அதனால் அதைக் காட்டுகிறது. மூன்று இலக்கத்துக்கு மாற்றினாலும் இதே கதைதான்: 998/999-ஐவிட 1 பக்கத்தில் இருக்கிறது. குறையைக் கண்டுபிடிக்க வேண்டிய கட்டமே குறையை மூடி மறைத்துவிட்டது.

வடிவமைப்பு தோற்றத்தை மட்டும் மாற்றுகிறது, மதிப்பைத் தொடுவதில்லை. இதை மறந்துவிட்டு அந்தக் கட்டத்தை 240 சென்டால் பெருக்கினால் பழைய நான்கு இலக்கத் தசமமேதான் பெருக்கப்படும். கண்ணால் ஒரு நோட்டம் விட இந்த வழி சரி. பத்திரத்தில் ஏற்றுவதற்கு ஆகாது என்பதே என் தீர்ப்பு.

எக்ஸெலைப் பற்றிப் பேசும்போதே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தாள் அல்லாமல் கோப்பாகவே பட்டியல் கிடைத்தால், முதலில் ஒரு கட்டத்தைச் சொடுக்கி மேலே ஃபார்முலா பட்டையைப் பாருங்கள். கட்டத்தில் 0.0095 என்று தெரிந்தாலும் உள்ளே 0.00952380952380952 என்று பதினைந்து இலக்கம் இருக்கலாம். அப்படி இருந்தால் இந்தக் கட்டுரையின் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். சிலர் கோப்பை அனுப்பாமல் அச்செடுத்தோ படம் பிடித்தோ அனுப்புகிறார்கள். கோப்பைக் கேட்டு வாங்குவது எந்தக் கணிதத்தையும்விட மேலான உபாயம். எங்கள் விஷயத்தில் கோப்பு போட்டவர் ஊரில் இல்லை, தாள்தான் கதி.

மிக நெருங்கிய பின்னத்தைத் தேடுவது

கணக்குப் பழகியவர்கள் அடுத்து எடுப்பது தொடர் பின்னம். சாதாரண கால்குலேட்டரே போதும். எண்ணின் தலைகீழியை எடு, முழு எண்ணை எழுதி வைத்துவிட்டுக் கழி, மிச்சத்தின் தலைகீழியை எடு, இப்படியே தொடர்.

0.0476-க்குச் செய்து பாருங்கள். 1 ÷ 0.0476 = 21.0084. 21-ஐ எழுதி வைத்துக்கொள்கிறோம். மிச்சம் 0.0084. அதன் தலைகீழி 119. 21-க்குப் பிறகு திடீரென்று 119 என்று பெரிய எண் குதித்து வருவதைக் கவனிக்க வேண்டும். மிச்சம் அவ்வளவு சிறியது என்று அதற்குப் பொருள். அந்தச் சிறிய மிச்சம் உண்மையான எண்ணிலிருந்து வந்ததல்ல, நான்காம் இலக்கத்தோடு வெட்டியதால் ஒட்டிக்கொண்ட தூசி. எனவே 21-இலேயே நிறுத்திவிட்டு 1/21 என்று எழுதலாம். கைக்கணக்கில் நிறுத்தும் இடத்தைக் காட்டுவது இந்தக் குதிப்புதான்.

இப்போது 0.0095. தலைகீழி 105.263. மிச்சம் 0.263, அதன் தலைகீழி 3.8. பிறகு 1.25, பிறகு 4. வரிசை 105, 3, 1, 4. இங்கே குதிப்பே இல்லை. 105-க்குப் பிறகு 3 வந்தால் அங்கே நிறுத்தச் சொல்லி எண் சொல்லவில்லை. நான்கு இலக்கத்தில் இந்தப் பின்னத்தை அடையாளம் காட்டும் அளவுக்குச் சரக்கு இல்லை என்பதையே அது சொல்கிறது. ஆறு இலக்கமாக 0.009524 கொடுத்திருந்தால் 104, 1, 475 என்று வரும். 475-க்கு முன்னால் நிறுத்தினால் சரியாக 1/105.

இதே வேலையைப் பைத்தானில் `limit_denominator` செய்கிறது. பகுதிக்கு ஓர் உச்சவரம்பு கொடுத்தால், அதற்குள் மிக நெருங்கிய பின்னத்தைத் தரும்.

```python
from fractions import Fraction
Fraction("0.0476").limit_denominator(1000)   # 1/21
Fraction("0.0095").limit_denominator(1000)   # 4/421
Fraction("0.0095").limit_denominator(200)    # 1/105
```

எண்ணை மேற்கோள் குறிக்குள் கொடுப்பது முக்கியம். `Fraction(1/3)` என்று கொடுத்தால் கணினி தன் இரும எண்ணைப் பின்னமாக்கி, 6004799503160661/18014398509481984 என்று ஒரு ரயிலை ஓட்டிக் காட்டும். உச்சவரம்பைக் கொடுக்காமல் வெறும் அடைப்புக்குறியோடு விட்டால் அதன் இயல்பு வரம்பு பத்து லட்சம். அப்போது 0.0476-க்கு 119/2500 என்று வரும். நீங்கள் கொடுத்த தசமத்தையே சுருக்கித் திருப்பித் தருகிறது, அவ்வளவுதான்.

வரம்பு 1000 என்றால் 4/421, 300 என்றால் 2/211, 200 என்றால் 1/105. ஒரே எண்ணுக்கு மூன்று விடைகள். எது சரி? இதற்கு ஒரு கணக்கு உண்டு. பகுதி N-க்கு மேல் போகாத இரண்டு வெவ்வேறு பின்னங்கள் குறைந்தது 1/N² தூரமாவது தள்ளித்தான் இருக்கும். தாளில் நான்கு இலக்கம் என்றால் உண்மை எண் இருக்கக்கூடிய இடைவெளியின் அகலம் 1/10000. எனவே N 100-க்குள் இருந்தால் அந்த இடைவெளியில் இரண்டு பின்னங்கள் நுழைய இடமில்லை, விடை ஒன்றே ஒன்று. ஆறு இலக்கம் என்றால் 1000 வரை துணிந்து போகலாம். தசம இலக்கங்களின் எண்ணிக்கையைப் பாதியாக்கி, அத்தனை பூச்சியம் போடுங்கள். அதுவே பாதுகாப்பான வரம்பு. 105 இந்த வேலியைத் தாண்டி அடுத்த அடியில் நிற்கிறது. அதனால்தான் வழுக்குகிறது.

இந்தச் சறுக்கலை விடையைப் பார்த்தே கண்டுபிடிக்கவும் முடியும். வாரிசுப் பங்கில் பகுதி எப்படி உருவாகிறது? மூன்று பிள்ளை, ஏழு பிள்ளை, ஐந்து வாரிசு என்று சிறு எண்களைப் பெருக்கித்தான். 211, 421 இரண்டும் பகா எண்கள். 421 பிள்ளை பெற்ற தாத்தா புராணத்தில்கூட அபூர்வம். வாரிசுப் பட்டியலில் பகுதியாகப் பெரிய பகா எண் வந்தால், கணக்கு எங்கோ தூசியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இந்த வழியின் அடிப்படைக் கோளாறு கேட்கும் கேள்வியிலேயே இருக்கிறது. 0.0095-க்கு மிக நெருங்கியது எது என்று அது தேடுகிறது. நமக்கு 0.0095-இல் அக்கறையே இல்லை. அது உண்மை எண்ணின் வெட்டுப்பட்ட நிழல். உண்மை எண் 0.00945-க்கும் 0.00955-க்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது. அந்த இடைவெளிக்குள் மிக எளிய பின்னம், அதாவது மிகச் சிறிய பகுதி கொண்ட பின்னம் எது என்றுதான் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் 1/105 உடனே வந்துவிடுகிறது. 104-ஐயோ அதற்குக் கீழேயுள்ள எதையுமோ பகுதியாகக் கொண்ட பின்னம் எதுவும் அந்த இடைவெளியில் விழுவதில்லை.

எல்லாருக்கும் ஒரே பகுதி

இந்தக் கேள்வியை ஒவ்வோர் எண்ணிடமும் தனித்தனியாகக் கேட்பதைவிடப் பட்டியல் முழுவதிடமும் ஒரே நேரத்தில் கேட்கலாம். இவை எல்லாம் ஒரே தோப்பின் பங்குகள். ஆகவே ஒரு பொதுப் பகுதி இருந்தே தீரும். D என்று ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு தசமத்தையும் பெருக்குங்கள். D சரியானதாக இருந்தால் எல்லாமே முழு எண்ணுக்கு மிக அருகில் வந்து நிற்கும். எவ்வளவு அருகில் என்பதும் கறாராகத் தெரியும். நான்காம் இலக்கத்தில் முழுதாக்கிய எண்ணில் பிழை 0.00005-க்கு மேல் இருக்க முடியாது. பெருக்கிய பின் அது D மடங்காகும். அதற்கு மேல் விலகினால் அந்த D தள்ளுபடி.

```python
L = [0.3333, 0.0833, 0.0476, 0.0095]
for D in range(1, 1001):
    if all(abs(x*D - round(x*D)) <= 0.00005*D for x in L):
        print(D)
        break
```

420 என்று அச்சிடும். அதற்குக் கீழே எந்த எண்ணும் தேறவில்லை.

கணினி இல்லாமலும் செய்யலாம், நான் முதலில் அப்படித்தான் செய்தேன். 1/3, 1/12, 1/21 மூன்றும் நூற்றுக்குள் பகுதி கொண்டவை, சந்தேகமில்லை. அவற்றின் மீச்சிறு பொது மடங்கு 84. அதன் மடங்குகளை மட்டும் சோதித்தால் போதும். 0.0095 × 84 = 0.798. விலகலுக்கு அனுமதி 0.0042, இதுவோ 0.2 விலகுகிறது. தள்ளு. 168-இல் 1.596, 252-இல் 2.394, 336-இல் 3.192. எதுவும் ஒட்டவில்லை. 420-இல் 3.99. அனுமதி 0.021, விலகல் 0.01. பொருந்துகிறது. மற்றவற்றையும் சரிபார்க்கலாம்: 0.3333 × 420 = 139.986, 0.0833 × 420 = 34.986, 0.0476 × 420 = 19.992. முறையே 140, 35, 20, 4.

இனி மொத்தம். மூத்தவர் 140. நான்கு பேருக்கு 35 வீதம் 140. ஆறு பேருக்கு 20 வீதம் 120. ஐந்து பேருக்கு 4 வீதம் 20. கூட்டினால் 420. அந்தரத்தில் நின்ற 42 சதுர அடி உரியவர்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. வாரிசு விவரம் வந்தபோது 3, 4, 7, 5 என்ற எண்கள் இதோடு அச்சாகப் பொருந்தின.

மொத்தம் சரியாக வருவதை மட்டும் சாட்சியாக வைத்துக்கொள்ளலாமே, இவ்வளவு சோதனை எதற்கு என்று கேட்கலாம். அதற்குப் பரங்கிப்பேட்டைப் பக்கத்துக் கணக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். இஸ்லாமிய வாரிசுரிமைப்படி, இறந்தவருக்கு மனைவி, தாய், இரண்டு மகன்கள், ஒரு மகள் என்று வையுங்கள். தந்தை முன்பே காலமானவர். மனைவிக்கு 1/8, தாய்க்கு 1/6, மீதி 17/24-இல் மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என்ற வீதம். மகன்களுக்கு ஆளுக்கு 17/60, மகளுக்கு 17/120. நான்கு இலக்கத்தில் எழுதினால் 0.1250, 0.1667, 0.2833, 0.2833, 0.1417. கூட்டிப் பாருங்கள்: 1.0000. மேலே ஏறியதும் கீழே இறங்கியதும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிட்டன. தசமத்தில் மொத்தம் சரியாக இருப்பது இங்கே எதையும் நிரூபிக்கவில்லை.

இதே பட்டியலில் மகளின் 0.1417-ஐ மிக நெருங்கிய பின்னத்துக்குக் கொடுத்தால், முந்தைய பட்டியலைக் காப்பாற்றிய 200 என்ற வரம்பே இங்கே கவிழ்க்கிறது. 18/127 என்று வரும். 17/120-ஐவிட அது 0.1417-க்கு மயிரிழை நெருக்கம். 127-உம் பகா எண். பொதுப் பகுதி வழியில் போனால் 24-இன் மடங்குகளைச் சோதித்து 120-இல் நிற்கும்: 15, 20, 34, 34, 17. மொத்தம் 120. இந்த ஒரு காரணத்துக்காகவே, ஒரே முழுமையின் பங்குகளாக இருக்கும் பட்டியலுக்குப் பொதுப் பகுதி வழியைத்தான் நான் முதலில் எடுப்பேன். ஓர் எண்ணில் தெளிவில்லாததைப் பக்கத்து எண் தெளிவாக்கிவிடுகிறது.

இதற்கும் எல்லை உண்டு. D பெரிதாகப் பெரிதாக அனுமதிக்கும் விலகலும் பெரிதாகிறது. நான்கு இலக்கத்தில் D 10000-ஐத் தொட்டால் அனுமதி 0.5 ஆகி, எந்த எண்ணும் தேர்ச்சி பெற்றுவிடும். ஆயிரத்தைத் தாண்டும்போதே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். பட்டியலில் வெவ்வேறான எண்கள் ஒன்றிரண்டுதான் என்றாலும் தற்செயலாகப் பொருந்த வாய்ப்பு அதிகம். தாளைத் தயாரித்தவர் முழுதாக்காமல் வெறுமனே வெட்டியிருந்தால், அதாவது 2/3-ஐ 0.6667 என்று எழுதாமல் 0.6666 என்று எழுதியிருந்தால், பிழை இரட்டிப்பாகும். 0.00005-க்குப் பதிலாக 0.0001 போட வேண்டும். பட்டியலில் 6666 என்று முடியும் எண் கண்ணில் பட்டால் அந்த ஆள் வெட்டுகிற ஆள் என்று தெரிந்துகொள்ளலாம்.

ஓர் எண் தப்பாகத் தட்டச்சாகி, 0.0476 என்பது 0.0467 ஆகியிருந்தால்? பொதுப் பகுதி எதுவும் கிடைக்காது, அல்லது எங்கோ உயரத்தில் அசம்பாவிதமாக ஒன்று கிடைக்கும். அப்போது ஒவ்வோர் எண்ணாக விலக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். எதை விலக்கியதும் சிறிய D வருகிறதோ, அதன்மேல் சந்தேகம் வைக்கலாம்; ஒன்றுக்கு மேற்பட்டவை அப்படி வந்தால் மூலத்தோடு ஒப்பிட்டுத்தான் தீர்க்க வேண்டும். எங்கள் பட்டியலில் 0.0476-ஐ நீக்கிவிட்டு மற்ற மூன்றை மட்டும் கொடுத்தாலும் 420-தான் வருகிறது. தனித்தனி எண்களை ஒவ்வொன்றாகப் பின்னமாக்கும் வழியில் இந்த எச்சரிக்கை கிடைக்கவே கிடைக்காது. 0.0467-க்கும் அது ஏதோ ஒரு பின்னத்தைச் சிரித்த முகத்தோடு கொடுத்துவிடும்.

ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத தசமங்களின் பட்டியலாக இருந்தால் இந்த வழி பொருந்தாது. பாண்டிச்சேரியில் டியூஷன் எடுக்கும் என் நண்பர் ஒருவர் மாணவர்களின் விடைகளைத் திருத்த இப்படி ஒரு பட்டியலை வைத்திருக்கிறார். 0.2727, 0.5385, 0.4118 என்று கால்குலேட்டரில் தட்டி எழுதிய விடைகள். பொதுப் பகுதி தேடினால் 11, 13, 17 மூன்றையும் பெருக்கிய 2431 வரை ஓட வேண்டும், அங்கே அனுமதி தளர்ந்துபோய்விடும். தனித்தனியாக 100 என்ற வரம்போடு `limit_denominator` கொடுத்தால் 3/11, 7/13, 7/17 என்று நொடியில் வந்துவிடுகிறது. பாடப்புத்தக விடைகளில் பகுதி நூறைத் தாண்டுவது அரிது என்பதால் அவருக்கு அது போதும்.

மீண்டும் தோப்புக்கு வருவோம், பின்னம் கிடைத்ததோடு வேலை முடியவில்லை. பத்திரத்தில் “420 பங்குகளில் 4 பங்கு” என்று பிரிபடாத பாகத்தை எழுதியாயிற்று. பக்கத்தில் விஸ்தீரணமும் கேட்கிறார்கள். 240 × 4 ÷ 420 = 2.2857… சென்ட். 240 × 20 ÷ 420 = 11.4285… சென்ட். இரண்டு இலக்கத்தில் நிறுத்தினால் மூத்தவருக்கு 80, நான்கு பேருக்கு 20 வீதம் 80, ஆறு பேருக்கு 11.43 வீதம் 68.58, ஐந்து பேருக்கு 2.29 வீதம் 11.45. மொத்தம் 240.03. இந்த முறை 13 சதுர அடி கூடுதல். இல்லாத நிலத்தை எழுதிக் கொடுத்ததாகிவிடும். ஆகையால் பங்கைப் பின்னமாகவே நிலைநிறுத்தி, சென்டை “ஏறக்குறைய” என்று குறிக்கும்படி தம்பியிடம் சொன்னேன். அளந்து கல் நடும்போது அந்த 0.03 சென்டை யார் பங்கில் குறைப்பது என்பதைச் சர்வேயரும் பதினாறு பேரும் களத்தில் நின்று பேசிக்கொள்ளட்டும்.